நெற்றில் அழகு, போட்டியில் அவுட்: துடுப்பாட்டப் பிழைகளை நிலை பார்த்துத் திருத்துவது

முன்கால் ட்ரைவ் என்ற ஒரேயொரு அடியை வைத்து இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிகளைப் பழக்கும் எங்களுக்கு அதிகம் தலையிடி தருவது அந்த அடிதான். பந்து மேலெழும்பி மிட் ஓஃபில் பிடியாகும். இல்லாவிட்டால் துடுப்புக்கும் காலுக்கும் நடுவால் புகுந்து விக்கெட்டைச் சாய்க்கும். வெளியே நின்று பார்த்தால் எல்லோரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். ஆனால் 12 வயதுப் பிள்ளை விடும்போது திருத்தும் வழி ஒன்று, மூன்று வருடமாக முதல் அணியில் ஆடுபவர் விடும்போது வழி வேறு. ஒருவருக்குரியதை மற்றவருக்குச் செய்தால் இருக்கிற ஆட்டமும் கெட்டுவிடும்.

போல் ஃபிற்ஸ், மைக்கல் போஸ்னர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1967இல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். பயிற்றுநருக்குத் தேவையான அளவு இவ்வளவுதான். முதலாவது அறிநிலை. எந்தக் காலை வைப்பது, எந்தக் கை மேலே என்று பிள்ளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடிக்கும், பிழைகள் பெரியவை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி வரும். இரண்டாவது இணைநிலை. அடி ஓரளவு அமைந்துவிட்டது, இந்தப் பந்துக்கு இந்த அடி என்று பொருத்திப் பழகும் காலம் இது, பிழைகள் சிறியவை, தன் பிழை என்னவென்று அவருக்கே பாதி தெரியும். மூன்றாவது தன்னியக்க நிலை. அடியைப் பற்றி யோசனையே இல்லை, கண் பந்தில், மனம் களத்தடுப்பில் எங்கே இடைவெளி என்பதில்.

இந்த நிலை ஆளுக்கு உரியதல்ல, அடிக்கு உரியது. ஒரே பெடியனுக்கு ட்ரைவ் மூன்றாம் நிலையில் இருக்கும், ஸ்வீப் முதலாம் நிலையில் இருக்கும். அதனால் "இவர் பெரிய பிளேயர், இவருக்குச் சொல்லத் தேவையில்லை" என்பதும் பிழை, "சின்னப் பிள்ளை, எல்லாம் சொல்லவேண்டும்" என்பதும் பிழை.

## எதையும் திருத்துமுன்: நிலை எது என்று பாருங்கள்

இதற்கு இருபது நிமிடம் போதும். பந்துவீசுபவரின் இரு பக்கமும் இரண்டு கூம்புகளை வைத்து, நடுவே ஏறத்தாழ ஐந்து மீற்றர் விடுங்கள். துடுப்பாட்டக்காரர் வழமையாகச் சந்திக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, ட்ரைவ் அடிக்கத் தோதாக, மேலே போட்டுக் கொடுங்கள். எறிபவர் கூம்புகளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கட்டும், அல்லது வலைக்குப் பின்னால் நிற்கட்டும். புதியவர்களுக்கு ரெனிஸ் பந்து. கடினப்பந்து என்றால் ஹெல்மெட் கட்டாயம், ஏனென்றால் இந்தச் சோதனையில் வேண்டுமென்றே கவனத்தைச் சிதறடிக்கப் போகிறோம்.

முதற்சுற்றில் 12 பந்து, ஒன்றும் சொல்லாமல். தரையால் கூம்புகளுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி. இரண்டாம் சுற்றில் இன்னும் 12 பந்து, ஆனால் 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து உரக்கச் சொல்லிக்கொண்டே அடிக்கவேண்டும்: 97, 94, 91. கணக்கு பிழைத்தால் பரவாயில்லை, நிறுத்தக்கூடாது. மூன்றாம் சுற்றில் எண்ண வேண்டாம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பந்தும் துடுப்பில் பட்டபோது முன் முழங்கை உயர்ந்திருந்ததா தாழ்ந்திருந்ததா என்று உடனே சொல்லவேண்டும்.

இரண்டாம் சுற்றில் ஆட்டம் அப்படியே விழுந்து, மூன்றாம் சுற்றில் பழையபடி வந்தால் அடி அறிநிலையில் இருக்கிறது. எண்ணும்போது கொஞ்சமும் குறையாமல், முழங்கையைக் கவனிக்கச் சொன்னதும் கெட்டால் தன்னியக்க நிலை. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால் இணைநிலை. உதாரணத்துக்கு 4, 1, 5 எடுத்தவர் முதலாம் நிலை, 9, 9, 5 எடுத்தவர் மூன்றாம் நிலை. ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தை நம்பாதீர்கள், சந்தேகம் என்றால் இன்னொரு நாள் திரும்பச் செய்யுங்கள்.

இது என் கற்பனை அல்ல. 2004இல் ரொப் கிரே என்ற ஆய்வாளர் பேஸ்போல் துடுப்பாட்டக்காரர்களிடம் இதே வகைச் சோதனையைச் செய்தார். ஒலி ஒன்று கேட்கும்போது அதன் சுருதியைச் சொல்லச் சொன்னதும் புதியவர்கள் தடுமாறினார்கள், தேர்ந்தவர்கள் தடுமாறவில்லை. அந்த ஒலி கேட்ட கணத்தில் மட்டை மேலே போகிறதா கீழே வருகிறதா என்று கேட்டபோது தேர்ந்தவர்கள்தான் தடுமாறினார்கள். எங்கள் சோதனை அதன் மைதானத்து வடிவம்.

## அறிகுறி 1: எல்லாம் மனப்பாடம், ஆனால் பந்து வரும்போது உறைந்துபோகிறார்

"தலை பந்துக்கு மேலே, முன்கால் பந்துக்குப் பக்கத்தில், முழங்கை உயர, மேற்கை இழுக்க" என்று கேட்டால் வரிசையாகச் சொல்லுவார். பந்து வந்தால் கால் நகராது, துடுப்பு பிந்தி வரும். இது அனேகமாக அறிநிலை.

சொற்கள் கூடிவிட்டனவா? செலவில்லாத காரணம் இதுதான், அதிகம் காண்பதும் இதுதான். மணிக்கு 100 கிலோமீற்றரில் வரும் பந்து கையிலிருந்து விடுபட்டுத் துடுப்பாட்டக்காரரை அடைய ஏறத்தாழ 0.6 செக்கன்தான். அதற்குள் நான்கு கட்டளைகளை ஓட்டிப்பார்க்க எவராலும் முடியாது. அடுத்த மூன்று பயிற்சிகளுக்கு ஒரேயொரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். நான் தெரிவது தலை. "தம்பி, தலையைப் பந்துக்குக் கொண்டு போங்கோ" என்றால் கால் தானாகப் பின்தொடரும், உடல் எடையும் முன்னே வரும். ஒரு சொல்லோடு அடி இளகிவிட்டால் கோளாறு தீர்ந்தது, மேலே தேட வேண்டாம். சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது இந்த நிலையில் நல்லது. முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை, பேசாமல்.

பந்துக்குப் பயமா? ரெனிஸ் பந்துக்கு மாற்றிப் பாருங்கள். உடனே கால் முன்னே போனால் பிழை அடியில் இல்லை, பயத்தில். அப்படியென்றால் பந்தை மெல்ல மெல்லக் கடினமாக்குங்கள், ஒரே நாளில் அல்ல.

துடுப்பு பாரமா? மேற்கையால் மட்டும் பிடித்து, பின்னே தூக்கி, நேராக இறக்கச் சொல்லுங்கள். துடுப்பு வளைந்து குறுக்கே வந்தால் பாரம் கூட. அண்ணன் பாவித்த துடுப்பு தம்பிக்கு வரும் வீடுகள் எங்களிடம் அதிகம். பழைய துடுப்பென்று குறை சொல்லாமல், அணியின் பையிலிருந்து சின்ன அளவொன்றைப் பயிற்சிக்குக் கொடுங்கள். பந்தையும் பாருங்கள். பெரியவர்களின் பந்து 156 முதல் 163 கிராம், 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குரிய பந்து 133 முதல் 144 கிராம். தூரத்தையும் குறையுங்கள், 22 யார் எல்லா வயதுக்கும் உரியதல்ல.

கண்ணா? பழைய பந்துகளில் சிலவற்றுக்குச் சிவப்பு ரேப்பும் சிலவற்றுக்கு மஞ்சள் ரேப்பும் சுற்றுங்கள். கையைத் தாழ்த்தி மெதுவாகப் போடுங்கள், பிள்ளை அடிக்க வேண்டாம், நிறத்தை மட்டும் சொல்லட்டும். நல்ல வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பிழைத்தால் நீங்கள் செய்ய இனி ஒன்றுமில்லை. பெற்றோரிடம் சொல்லிக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். வகுப்பில் கரும்பலகை தெரிகிறதா என்றும் கேளுங்கள், பல பிள்ளைகள் வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார்கள்.

## அறிகுறி 2: ஒவ்வொரு பந்துக்கும் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்

அடித்ததும் பந்து எங்கே போனது என்று பார்க்காமல் கண் உங்களிடம் வரும். நீங்கள் தலையாட்டினால் அடுத்த பந்து நல்லாகப் போகும். நீங்கள் வேறு பக்கம் திரும்பினால் குழம்பிவிடுவார். இணைநிலைக்குள் நுழையும்போது இது வரும், காரணம் அனேகமாக நாங்கள்தான். பந்துக்குப் பந்து சொல்லித் திருத்தினால் அன்றைக்கு ஆட்டம் நல்லாகத் தெரியும், ஆனால் தன் பிழையைத் தானே பிடிக்கும் பழக்கம் வளராது. போட்டியில் நாங்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கிறோம்.

சொல்வதைக் குறையுங்கள். முதல் வாரம் மூன்று பந்துக்கு ஒரு தடவை. அடுத்த வாரம் ஓவர் முடிய. அதற்கப்புறம் அவர் கேட்டால் மட்டும். அதுவும் சொல்லுமுன் நீங்கள் கேளுங்கள்: "அது துடுப்பில் எங்கே பட்டது?" பதில் சரியாக வரத் தொடங்கினால் சரி, அவர் தன் கையை நம்பத் தொடங்கிவிட்டார். "தெரியாது, சேர்" என்றே வந்துகொண்டிருந்தால் இன்னும் முதலாம் நிலையில்தான் நிற்கிறார், அறிகுறி 1க்குப் போங்கள்.

## அறிகுறி 3: நெற்றில் அழகு, போட்டியில் அவுட்

இதற்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன். மாலை நாலரைக்கு நெற்றில் நின்று பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். சனிக்கிழமை போட்டியில் இரண்டாவது ஓவரில், ட்ரைவ் அடிக்கக்கூடாத பந்துக்கு ட்ரைவ் அடித்து ஸ்லிப்பில் பிடி கொடுப்பார். "மனம் ஒருமுகப்படவில்லை" என்று ஏசி அனுப்புவோம். அனேகமாக மனத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் அடியைப் பழகியிருக்கிறார், பந்தைத் தெரிவதைப் பழகவில்லை. இணைநிலையின் பாதி வேலை அந்தத் தெரிவுதான்.

எளிய காரணத்திலிருந்து போவோம்.

நீங்கள் அளக்கும் இடம் சரியா? பயிற்சியின் கடைசி ஆறு பந்தைப் பார்த்து "வந்துவிட்டது" என்று முடிவெடுக்கிறோம். அந்த நேரம் அவர் ஒரே மாதிரியான ஐம்பது பந்தை அடித்துச் சூடேறி நிற்கிறார். அது அன்றைய ஆட்டம், கற்றது அல்ல. இரண்டு நாள் விட்டு, அடுத்த பயிற்சியில், ஒரு ட்ரைவும் பழகிப்பார்க்க விடாமல், முதல் ஆறு பந்தைப் பாருங்கள். போட்டியிலும் முதல் ஆறு பந்து அப்படித்தான் வரும். கொப்பியில் இந்த முதல் ஆறு பந்துக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடைசி ஆறும் முதல் ஆறும் ஒரே அளவில் இருந்தால் பயிற்சி ஒட்டியிருக்கிறது. பெரிய இடைவெளி இருந்தால் அடுத்த காரணத்துக்குப் போங்கள்.

ஒரே பந்தையே போடுகிறீர்களா? கூடையில் பந்தை வைத்துக்கொண்டு, 12 மீற்றரில் நின்று, ஒரே இடத்தில் முப்பது பந்து போட்டால் துடுப்பாட்டக்காரர் பந்து கையை விட்டுப் புறப்படுமுன்பே காலை எடுத்து வைத்துவிடுவார். காலைக் கவனியுங்கள், இது கண்ணால் காணக்கூடியது. நீங்கள் கையை உயர்த்தும்போதே அவருடைய முன்கால் போய்விட்டால் அவர் பந்துக்கு ஆடவில்லை, தன் ஞாபகத்துக்கு ஆடுகிறார். சோதிக்க, சொல்லாமல் ஒரு பந்தைக் குறுகலாகப் போடுங்கள். முன்காலில் நின்றபடியே தடுமாறினால் கோளாறு பிடிபட்டது.

கலந்து போடுவதால் கிடைக்கும் பலனை 1994இல் கல்லூரிப் பேஸ்போல் வீரர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மேலதிகப் பயிற்சி, ஒவ்வொன்றிலும் மூன்று வகைப் பந்தில் பதினைந்து பதினைந்து. ஒரு குழுவுக்கு வகை வகையாகப் பிரித்து, மற்றக் குழுவுக்கு அதே 45 பந்தைக் கலந்து. ஆறு வாரம் கழித்துக் கலந்து பழகியவர்களே முன்னே நின்றார்கள். பந்தின் எண்ணிக்கை ஒன்றுதான், வரிசைதான் வேறு.

எங்கள் மைதானத்தில் இதைச் செய்யும் விதத்தை ஒரு ஆளை வைத்தே பார்ப்போம். 17 வயதுக்குட்பட்ட அணியின் தொடக்க ஆட்டக்காரர், வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைவ் சோதனையில் 9, 6, 6. அதாவது இணைநிலை. போட்டிகளில் ஓஃப் விக்கெட்டுக்கு வெளியே நல்ல அளவில் விழும் பந்துக்குப் போய் ஆட்டமிழக்கிறார்.

மேற்றிங் விரிப்பில் சுண்ணக்கட்டியால் அவர் பக்க விக்கெட்டிலிருந்து 4, 7 மீற்றரில் இரண்டு கோடு இழுக்கிறோம். இந்த வயதுப் பந்துவீச்சுக்கு, 4 மீற்றருக்குள் விழுந்தால் ட்ரைவ், நடுவே விழுந்தால் முன்காலில் தடுப்பு, 7 மீற்றருக்கு அப்பால் விழுந்தால் பின்கால் என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் கூடக் கூடக் கோடுகளைப் பந்துவீசுபவர் பக்கம் நகர்த்துங்கள். 24 துண்டுக் கடதாசியில் எழுதுகிறோம்: ட்ரைவ் பந்து 8, நல்ல அளவு 8, குறுகல் 4, விடவேண்டிய வெளிப்பந்து 4. துண்டுகளைக் கலைத்து, பந்து போடுபவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் போடுகிறார். துடுப்பாட்டக்காரருக்கு அடுத்தது எது என்று தெரியாது. குறி தவறி வேறு அளவில் விழுந்தால் விழுந்த இடமே கணக்கு.

கொப்பியில் இரண்டு நிரல். தெரிவு சரியா என்பது ஒன்று, அடி சரியா என்பது மற்றது. விடவேண்டிய பந்தை நடுத்துடுப்பால் நாலுக்கு அடித்தாலும் தெரிவு பிழை. ட்ரைவ் பந்தைத் தெரிந்து ட்ரைவுக்குப் போய் விளிம்பில் பட்டாலும் தெரிவு சரி. இந்தப் பிரிப்பு இல்லாமல் இந்தப் பயிற்சிக்குப் பொருளில்லை, ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துத்தான் இவ்வளவு காலமும் அவருடைய கோளாறை ட்ரைவில் தேடினோம்.

முதல் வாரம் நெற் அசிங்கமாக இருக்கும். தெரிவு 24இல் 11 என்று வரலாம், போன கிழமை அழகாகப் போன ட்ரைவும் கெடும். அதைப் பார்த்துப் பெற்றோரும் பழைய மாணவரும் வந்து கேட்பார்கள். பழைய முறைக்குத் திரும்பாதீர்கள். வாரத்தில் மூன்று பயிற்சி, நான்கு வாரம் விடுங்கள். தெரிவு நிரல் முதலில் ஏறும், அடி நிரல் பின்னால் வரும். தெரிவு 18ஐத் தாண்டி, முதல் ஆறு பந்தில் நாலோ ஐந்தோ சரியாக வந்தால் வேகத்தைக் கூட்டலாம். நான்கு வாரத்தில் தெரிவு நிரல் அசையவேயில்லை என்றால் கீழே போங்கள்.

ஒன்று கவனம்: இந்தக் கலப்பு இணைநிலைக்குரியது. அடியே அமையாத பிள்ளைக்கு முதல் நாளே கலந்து போட்டால் ஒன்றும் பிடிபடாது. அவருக்கு முதலில் ஒரே மாதிரிப் பந்துதான் வேண்டும்.

பந்துவீசுபவரைப் பார்க்கிறாரா? கையால் எறிந்தும், எறிகோலால் எறிந்தும், இயந்திரத்தாலும் மட்டும் பழகினால் ஓட்டம், தோள், கை, மணிக்கட்டு எல்லாம் தரும் முன்னறிவிப்பைப் படிக்கும் பழக்கம் வராது. இயந்திரத்தின் முன் ஆடும்போது கால் நகரும் நேரமே மாறிவிடும். சோதிப்பது சுகம். அணியின் பந்துவீச்சாளர் ஒருவர் ஓடிவந்து வீச, துடுப்பாட்டக்காரர் அடிக்காமல் பந்து விழுமுன் "மேலே" அல்லது "குறுகல்" என்று மட்டும் சொல்லட்டும். அதில் தடுமாறினால் எறிபந்தைப் பாதியாகக் குறைத்து, உண்மையான பந்துவீச்சைக் கூட்டுங்கள். இயந்திரம் வாங்கக் காசு சேர்க்கும் அணிகளுக்கு என் கருத்து: அந்தக் காசில் ஒரு கூடைப் புதுப் பந்தும், பந்துவீசும் பெடியளுக்குச் சாப்பாடும் கூடுதல் பலன் தரும்.

தளம் வேறா? சீமெந்துத் தளத்தில் பழகி மேற்றிங்கில் ஆடுவது, மேற்றிங்கில் பழகி வெளி மாவட்டத்தில் புற்தளத்தில் ஆடுவது இரண்டும் பந்தெழும் உயரத்தை மாற்றிவிடும். புற்தளத்தில் பந்து நின்று வரும், ட்ரைவ் முந்திப்போய்ப் பந்து மேலெழும். பயணத்துக்கு முந்திய வாரமாவது அப்படியொரு தளத்தைக் கேட்டு வாங்கிப் பழக்குங்கள். இதுதான் இந்தப் பட்டியலில் செலவு கூடியது, அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

## அறிகுறி 4: வேகம் கூடினால் குறுக்கே இழுக்கிறார்

மெதுவான பந்துக்கு நேரான துடுப்பு. வேகம் வந்தாலோ ஓட்டம் தேவைப்பட்டாலோ கீழ்க்கை மேலோங்கி, ஓஃபில் விழுந்த பந்தை மிட்விக்கெட் பக்கம் இழுப்பார். எங்கள் பிள்ளைகளில் அதிகமானோர் ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் மென்பந்து அடித்து வளர்ந்தவர்கள். அந்த இழுப்பு அவர்களிடம் மூன்றாம் நிலையில் இருக்கிறது, நாங்கள் சொல்லிக்கொடுத்த ட்ரைவ் முதலாம் அல்லது இரண்டாம் நிலையில். நெருக்கடி வந்தால் பழையதுதான் ஜெயிக்கும். அவர் சொல்வழி கேளாதவர் அல்ல.

"இழுக்காதே" என்று சொல்லி அது போகாது. அடியைப் பற்றிப் பேசாமல் பந்து போகவேண்டிய இடத்தைப் பேசுங்கள். லெக் பக்கத்தில் அடித்தால் ஓட்டமில்லை, மிட் ஓஃபுக்கும் கவருக்கும் நடுவே தரையால் போனால் இரண்டு ஓட்டம் என்று சின்னப் போட்டி வையுங்கள். மேற்கையால் மட்டும் சின்னத் துடுப்பொன்றைப் பிடித்து மெல்லிய பந்தை நேரே தட்டும் பயிற்சியும் உதவும். பந்து நேரே போகத் தொடங்கியதும் வேகத்தைக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இழுப்பு திரும்ப வரும் வேகத்தைக் குறித்துவைத்து, அதற்குச் சற்றுக் கீழே நின்று பழக்குங்கள். பழைய அடியை அழிக்கத் தேவையில்லை, குறுகிய பந்துக்கு அது சொத்து.

இது மாதக்கணக்கில் எடுக்கும் வேலை. அதனால் காலம் முக்கியம். மார்ச்சில் பெரும் போட்டிகள் முடிந்ததும் தொடங்குங்கள். ஜனவரியில், வடக்கின் பெருஞ்சமருக்கு ஆள் தெரியும் நேரத்தில், நன்றாய்ப் படிந்த அடியொன்றைப் பிரித்துப் போட்டால் அவர் பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் நடுவில் நிற்பார். அந்த நேரத்தில் இழுப்போடேயே ஆடவிட்டு, எந்தப் பந்துக்கு இழுக்கக்கூடாது என்பதை மட்டும் பேசுங்கள்.

ஒரு பருவம் முழுக்கச் செய்தும் வேகம் கூடியவுடன் அப்படியே திரும்பினால், உங்களைவிட மேல்நிலைப் பயிற்சிச் சான்றிதழ் உள்ள துடுப்பாட்டப் பயிற்றுநர் ஒருவரைக் கூப்பிடுங்கள். பிடியிலோ நிற்கும் விதத்திலோ நாங்கள் தினமும் பார்த்துப் பழகிப்போன ஒன்று இருக்கும், புதுக் கண்ணுக்கு அது தெரியும்.

## அறிகுறி 5: நன்றாக ஆடியவர் திடீரென்று ஆடத் தெரியாதவர்போல் நிற்கிறார்

முதலில் உடம்பைக் கேளுங்கள். முதுகு, தோள், மணிக்கட்டில் நோ இருக்கிறதா? தேர்வுக்காகப் பிள்ளைகள் மறைப்பார்கள். ட்ரைவின் முடிவில் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். நோ இருந்தால் பயிற்சியை நிறுத்திப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள், அடியைத் தொடாதீர்கள்.

நோ இல்லையென்றால், கடைசியாக அவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று விசாரியுங்கள். பெரும் போட்டிக்கு முந்திய நாள் பழைய மாணவர் ஒருவர் பிடியை மாற்றச் சொல்லியிருப்பார். அல்லது போனில் எடுத்த காணொளியைப் பார்த்துத் தானே முழங்கையைத் தேடத் தொடங்கியிருப்பார். நிலைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். எண்ணிக்கொண்டு அடிக்கும்போது ஆட்டம் *நல்லாகினால்* சந்தேகமில்லை. அடி அப்படியே இருக்கிறது, அவர்தான் அதற்குள் கையை விட்டுக் குடைகிறார்.

இந்த நிலையில் திருத்தமே நோய். மூன்று பயிற்சிக்கு அடியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். உடம்புக்கு வெளியே ஒரு வேலை கொடுங்கள். பந்தின் தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம், அல்லது களத்தடுப்பில் எந்த இடைவெளி என்று பந்துவீசுபவர் ஓடத் தொடங்குமுன் தெரிந்து வைக்கச் சொல்லலாம். பந்துக்கும் பந்துக்கும் நடுவே ஒரே ஒழுங்கு: விலகி நடப்பது, கையுறையைச் சரிசெய்வது, களத்தைப் பார்ப்பது, திரும்பி நிற்பது. காணொளியைப் போட்டி முடியும்வரை மூடி வையுங்கள். சுற்றியுள்ள மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், இதில் பயிற்றுநருக்குக் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும்.

மூன்று வாரம் கடந்தும் மாறவில்லை, நித்திரை இல்லை, சாப்பாடு குறைகிறது, மைதானத்துக்கு வர மறுக்கிறார் என்றால் அது துடுப்பாட்டக் கோளாறு அல்ல. பெற்றோரோடு பேசி, பாடசாலை ஆலோசனை ஆசிரியர் வழியாகவோ மருத்துவர் வழியாகவோ உளவளத் துணையாளரிடம் கொண்டுபோங்கள்.

## உடனே வெளியே அனுப்ப வேண்டியவை

தலையில் பந்து பட்டால் எந்த நிலைச் சோதனையும் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தாலும், "ஒன்றுமில்லை, சேர்" என்று சொன்னாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தனியாகச் சைக்கிளில் வீட்டுக்கு விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன பிறகுதான் நெற்றுக்குள் திரும்ப விடுங்கள். சத்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, தலையிடி கூடினாலோ, பேச்சுக் குழறினாலோ நேரே வைத்தியசாலை.

மற்றவற்றுக்கு அனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். எந்த அடி, சோதனையில் மூன்று சுற்றின் புள்ளி, முதல் ஆறு பந்தின் பக்கம், எந்தத் திகதியிலிருந்து மாறியது என்று கொப்பியில் உள்ளதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கண் மருத்துவருக்கு நிறப்பந்துச் சோதனையில் எத்தனை பிழை என்றும், பிசியோவுக்கு அடியின் எந்த இடத்தில் நோகிறது என்றும், வெளிப் பயிற்றுநருக்கு எந்த வேகத்தில் இழுப்பு திரும்புகிறது என்றும் சேர்த்து எழுதுங்கள்.